ஒற்றைச் சொல்லில் நிற்கும் பிள்ளை

டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் நான் வேலை பார்த்த காலத்தில், இருபது மாதப் பேரன் ஒருவனை மத்தியானத்தில் கூட்டிப்போக வரும் அப்பாயி ஒருவர், ஒரு நாள் வாசலிலேயே நின்றுகொண்டு, "பயலுக்கு இன்னும் பேச்சே வரல டீச்சர், பக்கத்துக் காம்பராப் புள்ள இவன் வயசுதான், வரிவரியாப் பேசுது" என்று குறைபட்டுக்கொண்டார். பையனின் அம்மா காலையில் மலைக்குப் போனால் கொழுந்து நிறுத்துவிட்டு வீடு திரும்பப் பொழுது சாய்ந்துவிடும்; ஆகவே பகல் முழுவதும் அவனிடம் பேசுகிறவர்கள் காம்பரா ஆட்களும் அப்பாயியும்தான். அவனுக்கு எத்தனை சொல் வரும் என்று கேட்டபோது, யோசித்துப் பார்த்து, ஐந்து என்றார்.

நான்கு நாட்களுக்கு அவன் வாயிலிருந்து வருவதையெல்லாம் பழைய கலண்டர் தாளின் பின்புறத்தில் மருமகளை எழுதிவைக்கச் சொன்னேன். தாள் திரும்பி வந்தபோது பத்துச் சொற்கள் இருந்தன: அம்மா, தாத்தா, மம்மம், பாச்சி, காக்காவுக்கு "கா", பூ, இந்தா, வேணா, போச்சு, கடைக்குப் போய்ப் பழகிய "வத்துர". முதலில் அப்பாயி எண்ணாமல் விட்டவற்றில் "வேணா", "போச்சு" ஆகிய இரண்டும் இருந்தன. பொருள்களின் பெயர்தான் சொல் என்று பெரியவர்கள் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில், ஒரே கருத்தைச் சொல்ல, ஒரே விதமான ஒலியை, யாரும் சொல்லித்தராமல் தானாக, மறுபடியும் மறுபடியும் பிள்ளை பயன்படுத்தினால் அது சொல்தான். உச்சரிப்புத் திருத்தமாக இருக்க வேண்டியதில்லை. கூரைமேல் காகத்தைக் காணும்போதெல்லாம் "கா" என்றால் அது ஒரு சொல். நாயைப் பார்த்து "பௌ பௌ" என்றால் அதுவும் ஒரு சொல். நாம் சொல்லச் சொல்லக் கிளிப்பிள்ளைபோல் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டு மறந்துபோவதை மட்டும் எண்ணக்கூடாது.

"வத்துர" என்பதும் கணக்கில் சேரும். தண்ணீருக்குத் தமிழில் ஒன்றும் சிங்களத்தில் ஒன்றும் வைத்திருக்கும் பிள்ளைக்கு இரண்டு சொற்கள் தெரியும் என்றே கொள்ள வேண்டும். இரண்டு மொழி காதில் விழுவதால் பேச்சுத் தாமதமாகும் என்று நம் பக்கத்தில் படித்தவர்கள்கூடச் சொல்வதுண்டு. அதற்கு ஆதாரம் இல்லை. ஒரு மொழியில் மட்டும் எண்ணினால் சொல் குறைவாகத் தெரியும், அவ்வளவே.

இருபது மாதத்தில் பத்துச் சொல் என்பது குறைவுதான், ஆனால் அந்த எண்ணிக்கை மட்டும் எதையும் முடிவு செய்வதில்லை. பதினெட்டு மாதத்தில் ஐம்பது சொல் பேசும் பிள்ளையும் உண்டு, பத்துச் சொல்லில் நிற்கும் பிள்ளையும் உண்டு. எண்ணிக்கையைவிட நான் கவனித்தவை வேறு. இஸ்தோப்பில் கிடந்த செருப்பை, கையால் காட்டாமல், பார்வையாலும் சுட்டாமல், "செருப்பை எடுத்துட்டு வா" என்று மட்டும் சொன்னால் அவன் கொண்டுவந்தான். வேண்டிய பொருளைச் சுட்டுவிரலால் காட்டினான். வேண்டியதற்காக மட்டுமல்லாமல், நாமும் பார்க்க வேண்டும் என்பதற்காகவும் காட்டினான். மேகம் இறங்கி எதிர்மலை மறைந்தபோது அதை நோக்கி விரலை நீட்டிவிட்டு என் முகத்தைத் திரும்பிப் பார்த்தான். இப்படிக் காட்டுவது பேச்சுக்கு முந்திய பேச்சு. பெரும்பாலும் முதல் சொல்லை ஒட்டி, ஒரு வயதுக்குச் சற்று முன்னும் பின்னுமாக இது தோன்றிவிடும். புரிதலும் சுட்டுதலும் சரியாக இருந்து பேச்சு மட்டும் பிந்தும் பிள்ளைக்கும், இவை இரண்டும் சேர்ந்தே பிந்தும் பிள்ளைக்கும் பெரிய வேறுபாடு உண்டு. இரண்டாமவரைக் காத்திருந்து பார்ப்பது சரியல்ல.

பிறகு அப்பாயியிடம், அவன் கைக்குழந்தையாக இருந்தபோது எப்படிச் சத்தமிட்டான் என்று கேட்டேன். இது ஊர்க்கதை கேட்பதுபோல் தோன்றலாம், ஆனால் காது கேட்கிறதா என்பதற்கு வீட்டில் கிடைக்கும் முதல் தடயம் அதில்தான் இருக்கிறது. இரண்டு மூன்று மாதத்தில் குழந்தை "ங்கா", "ஊ" என்று குரல் கொடுக்கும். நான்கைந்து மாதத்தில் கீச்சிடும், எச்சிலைக் குமிழியாக ஊதும். இவை காது கேளாத குழந்தைகளிடமும் பெரும்பாலும் உண்டு. ஆகவேதான் குடும்பத்தார் ஏமாந்துபோகிறார்கள். பிரிவு தெரிவது அடுத்த படியில். ஆறு மாதம் முதல் பத்து மாதத்துக்குள், கேட்கும் குழந்தையின் வாயில் மெய்யும் உயிரும் சேர்ந்த அசைகள், பேச்சின் வேகத்தோடு, கோவையாக வரத் தொடங்கும்: "பபபபா", "மமமா", "ததததா". பொருளில்லாத இந்த அடுக்கு மழலைக்கு, பிள்ளை தன் ஒலியையும் பிறர் ஒலியையும் காதால் வாங்க வேண்டும். அது நன்றாக வாங்கப்படாவிட்டால் அடுக்கு மழலை பிந்தும் அல்லது வராது. பத்து மாதம் தாண்டியும் இது கேட்கவில்லை என்றால் செவிப்புலன் பரிசோதனை வேண்டும். ஒன்பதாம் மாதத்தில் எம்எம்ஆர் தடுப்பூசிக்காகப் பிள்ளையைக் கிளினிக்கிற்குக் கொண்டுபோகும் நாள் இதைக் குடும்ப நல உத்தியோகத்தரிடம் சொல்வதற்குத் தோதான நாள். அவர் கேட்காவிட்டாலும் தாய் சொல்லலாம்.

வீட்டில் தட்டு விழும் சத்தத்துக்குத் திரும்பினான், கதவு அடித்ததும் திடுக்கிட்டான் என்பவை போதாத சான்றுகள். பலகைத் தரையின் அதிர்வும், காற்றும், நிழலும்கூடப் பிள்ளையைத் திரும்பவைக்கும். பெரிய சத்தம் கேட்டு, மெல்லிய பேச்சொலி கேட்காத பிள்ளைகளும் உண்டு. இன்னொன்றும் நம் குளிருக்குப் பொருந்துகிறது: தடிமன் பிடித்துப் பிடித்து விடும் பிள்ளையின் நடுக்காதில் நீர் தேங்கி, சில வாரங்களுக்குக் கேள்வி மங்கிப் பின் தெளியலாம். பிறந்தபோது பரிசோதித்ததில் எல்லாம் சரியாக இருந்தது என்பது அப்போது பதிலாகாது. இந்தப் பையனுக்கு அடுக்கு மழலை ஏழாம் எட்டாம் மாதத்திலேயே வந்திருந்தது என்று அப்பாயி சொன்னார். இருந்தாலும் கேள்வியைப் பரிசோதிக்க அனுப்பினோம். குறை எதுவும் காணப்படவில்லை.

மழலைப் பருவத்தில் பெரியவரின் பங்கு என்ன என்பதைக் காட்டும் ஆய்வு ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். 2003ஆம் ஆண்டு மைக்கேல் கோல்ட்ஸ்டைனும் அவரோடு சேர்ந்தவர்களும், எட்டு மாதக் குழந்தைகளின் தாய்மாரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவினர், குழந்தை குரல் கொடுத்த அந்தக் கணத்திலேயே சிரித்து, அருகில் வந்து, தொட்டார்கள். மற்றக் குழுவினரும் அதே அளவு சிரித்தார்கள், தொட்டார்கள். ஆனால் குழந்தையின் குரலோடு பொருந்தாத வேறு நேரங்களில். முதல் குழுவின் குழந்தைகளுடைய ஒலிகளே அந்தச் சிறிது நேரத்துக்குள் பேச்சை ஒத்த, முதிர்ந்த அசைகளாக மாறின. அன்பின் அளவு இரண்டு பக்கமும் ஒன்றுதான். வேறுபட்டது பதில் வந்த நேரம். அதே ஆண்டு பெட்ரிசியா குல் குழுவினர், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்கு முன்னால் சீன மொழி பேசுவோரை உட்காரவைத்து விளையாடவும் கதை வாசிக்கவும் செய்தார்கள். பன்னிரண்டு அமர்வுகளில் அக்குழந்தைகள் சீன ஒலி வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டன. அதே ஆட்களை, அதே பேச்சை ஒளிப்பதிவாகக் காட்டிய குழந்தைகள் எதையும் பிடிக்கவில்லை. கைத்தொலைபேசியில் பாட்டுப் போட்டுக் கொடுத்தால் பேச்சு வரும் என்று நம்புகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்: திரை பேசும், ஆனால் பிள்ளை "கா" என்றதும் அது திரும்பிப் பார்க்காது.

இனி, ஒற்றைச் சொல்லிலிருந்து வாக்கியத்துக்குப் போகும் வழி. பொதுவாகச் சொல்லப்படும் அளவு இது: இரண்டு வயதில் ஐம்பது சொல்லளவு இருக்க வேண்டும், இரண்டு சொற்களைத் தானாக இணைக்க வேண்டும். இவற்றில் ஒன்றேனும் இல்லாத பிள்ளையைப் பேச்சுத் தாமதமானவர் என்று கருதித் தொடர்ந்து கவனிப்பார்கள். இந்த அளவுகள் பெரும்பாலும் ஆங்கிலக் குழந்தைகளைப் பார்த்து வகுக்கப்பட்டவை. தமிழுக்கு அப்படியே வைத்துப் பார்த்தால் சறுக்கும். "வந்துட்டாங்க" என்பது நம் காதுக்கு ஒரு சொல். ஆனால் அதற்குள் வருதல் என்ற செயல், அது முடிந்துவிட்டது என்ற செய்தி, வந்தவர் மரியாதைக்குரியவர் அல்லது ஒருவருக்கு மேற்பட்டவர் என்ற செய்தி எல்லாம் அடங்கியிருக்கின்றன. எழுவாயைச் சொல்லாமலே முழு வாக்கியம் ஆகிவிடுகிறது. ஆங்கிலப் பிள்ளை மூன்று சொல்லில் சொல்வதைத் தமிழ்ப் பிள்ளை ஒரு வினைமுற்றில் சொல்லிவிடும். ரொஜர் பிரவுன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1973இல், சொற்களை அல்ல, பொருள் தரும் சிறு உறுப்புகளை எண்ண வேண்டும் என்று காட்டினார். அந்த முறைதான் நமக்கு ஒத்துவருகிறது.

ஆனால் அதிலும் ஒரு பொறி இருக்கிறது. பிள்ளை "போச்சு" என்று சொன்னவுடன் அது இறந்தகாலம் அறிந்துவிட்டது என்று எண்ணக்கூடாது. தட்டிலிருந்த சோறு தீர்ந்தாலும் "போச்சு", விளக்கு அணைந்தாலும் "போச்சு" என்றால், அது உடைக்கப்படாத ஒரே கட்டியாகத்தான் பிள்ளையின் மனத்தில் கிடக்கிறது. கட்டி உடைந்ததை இரண்டு விதமாக அறியலாம். ஒரே வினை வேறுவேறு முடிவுகளோடு வரும்: நேற்று "வந்துச்சு" என்ற பிள்ளை இன்று "வரல" என்று சொல்லும். அல்லது ஒரே முடிவு வேறுவேறு சொற்களில் ஒட்டும்: "தாத்தாக்கு", "பூனைக்கு", "எனக்கு". இரண்டாவது இன்னும் உறுதியான அடையாளம். "மரத்துல" என்பதற்குப் பதிலாக "மரம்ல" என்று ஒரு பிள்ளை சொன்னால் நான் மகிழ்வேன். பெரியவர் யாரும் அப்படிச் சொல்லிக்கொடுக்கவில்லை, அந்த "ல"வைத் தனியே பிரித்து எடுத்துத் தானே ஒட்டிப் பார்த்திருக்கிறது.

நம் பையனுக்கு வருகிறேன். அப்பாயி அவனோடு பேசுவதைப் பத்து நிமிடம் ஓரமாக இருந்து கவனித்தேன். பேசாமல் இருந்தார் என்று யாரும் குறைசொல்ல முடியாது. ஆனால் அவர் சொன்னதில் பெரும்பகுதி கேள்வி: "இது என்ன? அது யாரு? அம்மா எங்க? சொல்லு பாப்போம், சொல்லு!" நான் எண்ணியதில் 23 கேள்விகள். ஒவ்வொரு கேள்விக்கும் அடுத்த கேள்விக்கும் இடையில் ஒரு மூச்சு விடும் நேரம்தான் இருந்தது. பையன் வாயைத் திறக்கும் முன் விடையையும் அவரே சொல்லிவிடுவார். இன்னொரு பக்கம், அவன் கண் போத்தலின் பக்கம் போனதுமே போத்தல் கைக்கு வந்துவிடும். பாசத்தால் செய்வதுதான், ஆனால் சொல் தேவைப்படும் இடத்தையே அது அடைத்துவிடுகிறது. பரீட்சை வைப்பதும் கேட்காமலே கொடுப்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவைபோல் தோன்றினாலும், இரண்டிலும் பிள்ளையின் முறை பறிபோகிறது.

அவரிடம் மூன்றே மாற்றங்கள் கேட்டேன். முதலாவது, பையன் எதைப் பார்க்கிறானோ அதைப் பற்றிப் பேச வேண்டும்; நாம் காட்ட விரும்புவதைப் பற்றி அல்ல. அவன் பீலியில் விழும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கையில் கையிலிருக்கும் படப் புத்தகத்தைக் காட்டி "யானை சொல்லு" என்றால், அவன் கவனத்தைப் பெயர்த்து எடுத்து இன்னோரிடத்தில் நட வேண்டியிருக்கிறது, அதற்குள் சொல் நழுவிவிடும். இரண்டாவது, ஒன்று சொன்னபின் மனதுக்குள் ஐந்து வரை மெதுவாக எண்ணிக் காத்திருக்க வேண்டும். அப்பாயிக்கு இதுதான் ஆகக் கடினமாக இருந்தது. மூன்றுக்கு மேல் போவதற்குள் உதடு துடித்துவிடும் என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். அந்த இடைவெளியில் பிள்ளை ஒலியாலோ விரலாலோ பார்வையாலோ எதைக் கொடுத்தாலும் அதைப் பதிலாக ஏற்றுக்கொள்ள வேண்டும். மூன்றாவது, அவன் கொடுத்ததோடு ஒரே ஒரு படி சேர்த்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். "கா" என்றால், "காக்கா. காக்கா பறக்குது." அதற்குமேல் போய், "காக்கா கறுப்பா இருக்கும், சோறு தின்னும், கூட்டமாப் பறக்கும்" என்று அடுக்கினால் பிள்ளையால் எட்டிப் பிடிக்க முடியாது. திரும்பச் சொல் என்று வற்புறுத்தவும் கூடாது, கேட்டது போதும்.

மழலைச் சொற்களைப் பெரியவர்கள் பேசலாமா என்ற கேள்வி ஒவ்வொரு தாயர் கூட்டத்திலும் வரும். "மம்மம்", "பாச்சி" போன்றவை எளிய அசைகளை இரட்டிப்பதால் பிள்ளையின் வாய்க்கு ஏற்றவை; அவற்றால் கெடுதி இல்லை. குரலை உயர்த்தி, இழுத்து, ஏற்ற இறக்கத்தோடு பேசுவதும் நல்லதுதான், குழந்தையின் காது அதைத் தேடிப் பிடிக்கிறது. ஆனால் பிள்ளை "செப்பு" என்று செருப்பைச் சொல்வதைக் கேட்டு நாமும் "செப்பு எங்க" என்று கொஞ்சினால், சரியான வடிவம் அதன் காதுக்கு வரும் வழி குறைந்துபோகும். "ஆமா, செருப்பு" என்று இயல்பாகச் சொன்னால் போதும். ஒலித் திருத்தத்தில் அவசரம் வேண்டாம். பிள்ளை பேசுவதில் பாதியளவு இரண்டு வயதிலும், முக்கால் அளவு மூன்று வயதிலும், ஏறக்குறைய எல்லாம் நான்கு வயதிலும் அயலாருக்கு விளங்க வேண்டும் என்பது நடைமுறைக் கணக்கு. அப்போதும் "ர", "ற" தடுமாறலாம். "ழ" வரவில்லை என்று நான்கு வயதுப் பிள்ளையைக் கொண்டுவரும் தகப்பன்மாரிடம், வீட்டில் எத்தனை பேர் "மழை" என்று சொல்கிறார்கள், எத்தனை பேர் "மள" என்று சொல்கிறார்கள் என்று மட்டும் கேட்பேன்.

மூன்று வாரத்தில் சொற்கள் இருபதைத் தாண்டின. இருபத்து மூன்றாம் மாதத்தில் ஒரு காலை, கூரையிலிருந்து எழும்பிய காகத்தைப் பார்த்து, "காக்கா போச்சு" என்றான். அதே வாரத்தில் "அம்மா கூடை", "பாச்சி வேணா" ஆகியவையும் வந்தன. பழைய கட்டிகள்தான், ஆனால் இப்போது வேறு சொற்களோடு சேரத் தொடங்கிவிட்டன. அப்பாயி பேசும் விதத்தை மாற்றியதால்தான் இது நடந்தது என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. புரிதலும் சுட்டுதலும் நன்றாக உள்ள பிள்ளைகளில் பலர் மூன்று வயதை ஒட்டித் தாமாகவே எட்டிப்பிடித்துவிடுகிறார்கள். இவனும் அவர்களில் ஒருவனாக இருந்திருக்கலாம். சிக்கல் என்னவென்றால், எந்தப் பிள்ளை எட்டிப்பிடிக்கும், எந்தப் பிள்ளை நின்றுவிடும் என்று இருபது மாதத்தில் பார்த்துச் சொல்ல யாராலும் முடிவதில்லை. "அவன் அப்பனும் அஞ்சு வயசுலதான் பேசினான்" என்று வீட்டில் ஆறுதலாகச் சொல்வார்கள். குடும்பத்தில் அப்படி ஒருவர் இருந்திருந்தால் அது ஆறுதல் அல்ல, இன்னும் கவனமாகப் பார்ப்பதற்கான காரணம்.

ஆகவே சில இடங்களில் காத்திருக்கக் கூடாது. ஒரு வயதாகியும் விரலால் சுட்டாமலும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமலும் இருந்தால், பதினெட்டு மாதத் தடுப்பூசிக்குப் போகும்போது பொருளறிந்த ஒரு சொல்லும் இல்லையென்றால், இரண்டு வயதில் சொற்கள் சேரவில்லையென்றால், அதை அந்தக் கிளினிக்கிலேயே சொல்லி, சுகாதார வைத்திய அதிகாரியின் வழியாகப் பேச்சுச் சிகிச்சையாளரிடம் போகும் வழியைக் கேட்க வேண்டும். எந்த வயதானாலும், இருந்த சொற்கள் மறைந்துபோனால் அடுத்த கிளினிக் நாள்வரைகூடப் பொறுக்கக் கூடாது. போகும்போது சொற்பட்டியல் எழுதிய தாளையும் கொண்டுபோவது உதவும். புதிய இடத்தில், புதிய முகத்தின் முன் பிள்ளை வாயே திறக்காது.

இரண்டரை வயதில் பையன் பிள்ளைக் காம்பராவின் முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தபோது, படலையில் அப்பாயியைக் கண்டு ஓடினான். தோளில் கூடை இல்லாததைப் பார்த்துவிட்டு, "அப்பாயி கூட வீடுல வச்சிட்டு வந்துச்சு" என்றான். "ஆமாடா தங்கம்," என்றார் அவர், "அப்பாயி கூடைய வீட்டுல வச்சிட்டு வந்துச்சு." பிறகு வாயை மூடிக்கொண்டு, அவன் அடுத்து என்ன சொல்லப்போகிறான் என்று பார்த்து நின்றார். அந்த முறை ஐந்து வரை எண்ண வேண்டியிருக்கவில்லை.